"டைம் சேம், விவரம் மெயிலில்": மீட்டிங் மெயிலை வாட்ஸ்அப்புக்குச் சுருக்குவது எப்படி?

கேள்வி: மேலாளர் அனுப்பும் மீட்டிங் மெயில்களைச் சுருக்கி அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது என் பொறுப்பு. விவரமாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை. சுருக்கிப் போட்டால் "எங்கே?", "எந்த வியாழன்?", "நாங்களும் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கீழே இருக்கும் மெயிலை நான் இப்படிச் சுருக்கினேன்: "அனைவருக்கும் வணக்கம். மீட்டிங் வியாழனுக்கு மாறியிருக்கு. டைம் சேம். வெண்யூ 5ஆம் தளம். விவரம் மெயிலில் பார்க்கவும்." பாதிப் பேர் 10 மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இரண்டு பேர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள், பட்டியலை யாரும் கொண்டுவரவில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?

வாசகர் அனுப்பிய மெயில் (ஜூன் 11, வியாழன் அன்று வந்தது)

> பொருள்: மறு: மறு: மீட்டிங், ஜூன் 16
>
> அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். கிடங்குக்குப் புதிய மென்பொருள் வருவதையொட்டி எல்லாத் துறையினரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஜூன் 16 செவ்வாய் காலை 10 மணிக்கு மூன்றாம் தளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அன்று கணக்குத் துறைக்குத் தணிக்கை இருப்பதால் வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். நேரத்தில் மாற்றம் இல்லை. இருந்தாலும் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருபவர் 10.30க்குத்தான் வந்து சேர்வார் என்பதால் அரை மணி நேரம் தள்ளித் தொடங்குவோம். மூன்றாம் தள அறையில் ப்ரொஜெக்டர் பழுதாகிவிட்டது. ஐந்தாம் தளப் பயிற்சி அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். துறைவாரியாக நிலுவை ஆர்டர் பட்டியல் தேவைப்படும், எடுத்து வரவும். புதன் மாலைக்குள் எனக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. பழைய மென்பொருளை என்றைக்கு நிறுத்துவது என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். வெளிக்கிளைகளில் இருப்பவர்கள் வீடியோவில் சேரலாம், இணைப்பு பிறகு வரும். வர இயலாதவர்கள் தெரிவிக்கவும். நன்றி.

பதில்: நீங்கள் போட்ட செய்தியின் நீளம் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மெயிலின் முதல் பாதியை மட்டும்தான் சுருக்கியிருக்கிறீர்கள். "நேரத்தில் மாற்றம் இல்லை" என்று மேலாளர் எழுதியது உண்மை. அடுத்த வரியிலேயே அவரே அதை மாற்றிவிட்டார். 10 மணிக்கு வந்து உட்கார்ந்தவர்கள் மேல் தவறில்லை, "டைம் சேம்" என்பதை நம்பி வந்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி மெயில்கள் எப்போதுமே நடந்த வரிசையில்தான் எழுதப்படுகின்றன. முதலில் என்ன நினைத்தோம், பிறகு என்ன தடை வந்தது, அதனால் எதை மாற்றினோம் என்று போகும். எழுதுகிறவருக்கு அது இயல்பு. குரூப்பில் படிக்கிறவருக்கு இந்த வரலாறு வேண்டாம், கடைசியில் என்ன ஆயிற்று என்பது மட்டும் போதும். ஆகவே மெயிலில் வரிகளை வெட்டிக்கொண்டே போனால் சரியான செய்தி கிடைக்காது. எந்த வரியை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து பழைய நேரம் மிஞ்சிவிடும், அல்லது பழைய அறை மிஞ்சிவிடும். மெயிலிலிருந்து விவரங்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மெயிலை மூடிவிட்டு, செய்தியைப் புதிதாக எழுதுங்கள்.

விவரங்களை எடுப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். தேதி, நேரம், இடம், எதற்கு என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். கீழே இன்னும் இரண்டு: யார் வர வேண்டும், வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும். மெயிலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து ஒவ்வொரு வரியிலும் கிடைப்பதை நிரப்புங்கள். ஒரே வரிக்கு இரண்டு விடை வந்தால் முதலாவதை அழிக்காமல் கோடு மட்டும் போடுங்கள். எது மாறியது என்பது பிறகு தேவைப்படும்.

உங்கள் மெயிலை இப்படி நிரப்பினால் என்ன வருகிறது பாருங்கள். தேதியில் ஜூன் 16 என்று எழுதிக் கோடு போட்டு, பக்கத்தில் "வியாழன்" என்று எழுத வேண்டியிருக்கிறது. மெயிலில் அந்த வியாழனுக்குத் தேதி இல்லை. 16ஆம் தேதியிலிருந்து தள்ளிப்போகிறது என்பதால் அது 18ஆகத்தான் இருக்க முடியும். ஆனால் மெயில் வந்ததே ஒரு வியாழக்கிழமை. அன்று குரூப்பில் "வியாழன்" என்று மட்டும் பார்த்தவர் "இன்றைக்கா?" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு மெயிலின் தலைப்பு கடைசி வரை "ஜூன் 16" என்றே இருக்கிறது. பழைய மெயிலுக்கே பதில் போட்டுப் போட்டு அனுப்பும்போது தலைப்பு மாறாது. நீங்களோ "விவரம் மெயிலில்" என்று சொல்லிவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை வந்த இருவரும் மெயிலைத் தேடியிருப்பார்கள், தலைப்பைப் பார்த்திருப்பார்கள், உள்ளே திறந்து படித்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நேரத்தில் 10 என்பதற்குக் கோடு, பக்கத்தில் 10.30. ஒன்றரை மணி நேரம் என்பதால் முடிவு 12.00. இடத்தில் மூன்றாம் தளத்துக்குக் கோடு, பக்கத்தில் ஐந்தாம் தளப் பயிற்சி அறை. நீங்கள் "5ஆம் தளம்" என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். ஒரு தளத்தில் நான்கு கதவு இருந்தால் நான்கையும் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

யார் என்ற வரிதான் காலியாகவே நிற்கிறது. "எல்லாத் துறையினரும்" என்றால் துறைக்கு ஒருவரா, ஆள் முழுக்கவா? மெயிலில் பதில் இல்லை. பட்டியலை எடுத்து வருவதா, முன்பே அனுப்புவதா என்பதிலும் மேலாளர் இரண்டையும் சொல்லி வைத்திருக்கிறார். "புதன் மாலைக்குள்" என்றால் நான்கு மணியா, ஏழு மணியா என்பதும் இல்லை. இவற்றை நீங்களாக ஊகித்து எழுதக் கூடாது. ஊகிக்காமல் விட்டுவிட்டாலும் குரூப்பில் ஆளுக்கொரு மாதிரி ஊகித்துக்கொள்வார்கள். மேலாளரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் "சார், சில சந்தேகங்கள்" என்று ஆரம்பித்தால் இன்னொரு நீண்ட மெயில் வரும். நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி, ஆமா இல்லையா என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள்:

> சார், ஜூன் 18 வியாழன் காலை 10.30 முதல் 12 வரை, 5ஆம் தளப் பயிற்சி அறை என்று குரூப்பில் போடுகிறேன். துறைக்கு ஒருவர் வந்தால் போதுமா? நிலுவைப் பட்டியல் புதன் மாலை 5க்குள் உங்களுக்கு மெயிலில் வந்தால் சரியா?

தேதி, நேரம், இடம் மூன்றையும் இதில் மறுபடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், 40 பேர் பார்ப்பதற்கு முன் ஒருவர் பார்த்துத் திருத்திவிடுவார். "துறைத் தலைவரும் ஸ்டாக் பார்ப்பவரும், துறைக்கு இரண்டு பேர். பட்டியல் 4க்குள்" என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது செய்தியை எழுதலாம்:

```
*ஜூன் 18 வியாழன், காலை 10.30–12.00: கிடங்கு மென்பொருள் மீட்டிங்*
16 செவ்வாய் அன்று மீட்டிங் இல்லை.
இடம்: 5ஆம் தளம், பயிற்சி அறை. வெளிக்கிளையினர் வீடியோவில்.
எதற்கு: பழைய மென்பொருளை நிறுத்தும் தேதியை முடிவு செய்ய.
வர வேண்டியவர்கள்: துறைத் தலைவர், ஸ்டாக் பார்ப்பவர்.
17 புதன் மாலை 4க்குள்: நிலுவை ஆர்டர் பட்டியலை மேலாளருக்கு மெயில் செய்யவும்.
வர முடியாதவர்கள் மட்டும் இங்கே பதில் போடவும்.
```

முதல் வரியிலேயே தேதியும் நேரமும் வந்தாக வேண்டும். பலர் செய்தியைத் திறப்பதே இல்லை, போன் திரையில் நோட்டிஃபிகேஷனாக எட்டிப் பார்ப்பதை மட்டும் படிக்கிறார்கள். அதில் குரூப் பெயரும் உங்கள் பெயரும் போக, மிஞ்சுவது ஓரிரு வரிதான். "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தால் அந்த இடம் வணக்கத்துக்கே போய்விடும். மரியாதை குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். "அனுப்பவும்", "பதில் போடவும்" என்று முடிப்பதிலேயே போதுமான மரியாதை இருக்கிறது. துறைத் தலைவருக்கும் பொருந்தும், புதிதாகச் சேர்ந்தவருக்கும் பொருந்தும். இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப்பில் அந்த வரி தடித்த எழுத்தாக வரும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் தடிக்காது, நட்சத்திரம்தான் தெரியும். ஒரு செய்தியில் ஒரு வரியைத் தடித்தால் போதும். ஐந்தாறு இடங்களில் தடித்தால் எதுவுமே கண்ணில் நிற்காது.

தேதியோடு கிழமையையும் போடுவது வெறும் வழக்கம் இல்லை, அது ஒரு சரிபார்ப்பு. விரல் தவறி 18க்குப் பதில் 19 என்று அடித்துவிட்டால், "19 வியாழன்" என்பது பொருந்தாமல் யாராவது ஒருவர் கண்ணில் படும். கிழமை இல்லாமல் 19 மட்டும் இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது, எல்லோரும் ஒற்றுமையாகத் தவறான நாளில் வருவார்கள். மாதத்தை எண்ணில் எழுதாதீர்கள். 18/6 என்றால் தப்பிக்கலாம், 18ஆவது மாதம் கிடையாது. 7/6 என்றால் ஜூன் 7 என்பவர்களும் உண்டு, ஜூலை 6 என்பவர்களும் உண்டு.

"நாளை", "இன்று மாலை", "வரும் வியாழன்" ஆகியவற்றைத் தனியாக எழுதவே கூடாது. குரூப்பில் நீங்கள் புதன்கிழமை "நாளை 10.30க்கு" என்று போடுவீர்கள். ஒருவர் அதை வியாழன் காலை தன் துறை குரூப்புக்கு ஃபார்வேர்டு செய்வார். அங்கே போய்ச் சேரும் செய்தியில் ஃபார்வேர்டு செய்த நேரம்தான் காட்டும், நீங்கள் எழுதிய நேரம் காட்டாது. அங்கே படிப்பவருக்கு "நாளை" என்பது வெள்ளிக்கிழமை.

இரண்டாவது வரியில் பழைய தேதியைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் சிலர் இரண்டு மீட்டிங் இருப்பதாக நினைப்பார்கள், 16இல் ஒன்று, 18இல் இன்னொன்று. 16 ஏற்கெனவே எல்லோர் தலையிலும் கேலண்டரிலும் ஏறிவிட்டது, அதை நீங்களே இறக்கி வைக்க வேண்டும். ஆனால் பழைய விவரங்களில் இது ஒன்றுக்குத்தான் இடம். "10 மணி இல்லை 10.30, மூன்றாம் தளம் இல்லை ஐந்தாம் தளம்" என்று எல்லாவற்றுக்கும் பழையது புதியது எழுதினால், ஓட்டமாகப் படிக்கிறவர் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். தேதியைச் சொல்லும்போதும் புதியதுதான் முதலில் வர வேண்டும். "16ஆம் தேதி நடக்கவிருந்த மீட்டிங் 18க்கு மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதினால் நோட்டிஃபிகேஷனில் தெரிவது 16தான்.

முடியும் நேரத்தைப் போட்டது, அடுத்து 11.30க்கு வேறு வேலை வைத்திருப்பவர் இப்போதே சொல்லட்டும் என்பதற்காக. மீட்டிங் நடுவில் எழுந்து போவதைவிட அது மேல். கிளைகள் வேறு நாட்டில் இருந்தால் நேரத்தோடு எந்த நாட்டு நேரம் என்பதையும் சேருங்கள். இந்திய நேரம் காலை 10.30 என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் 1.00. கணக்குப் போடும் வேலையை அவர்களிடம் விடாமல் இரண்டையும் எழுதிவிடலாம்.

இனி, நோக்கம். சுருக்கும்போது முதலில் பலியாவது இதுதான். தேதி, நேரம், இடம் எண்ணாகவோ பெயராகவோ கண்ணில் படுகின்றன. எதற்காகக் கூடுகிறோம் என்பது மெயிலில் ஏதோ ஒரு வாக்கியத்தில் புதைந்து கிடக்கும். உங்கள் மெயிலிலேயே இரண்டு நோக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் "ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது" என்கிறார். பட்டியலைப் பற்றிச் சொன்ன பிறகு, "என்றைக்கு நிறுத்துவது என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்" என்கிறார். இரண்டாவதுதான் உண்மையான நோக்கம். உங்கள் செய்தியில் இரண்டுமே இல்லை.

"கிடங்கு மென்பொருள் பற்றிப் பேச" என்று போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துறைத் தலைவருக்கு வேறு வேலை இருக்கும், "நீ போய் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா" என்று இளையவர் ஒருவரை அனுப்பிவிடுவார். தேதி முடிவாக வேண்டிய இடத்தில் அவர் "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். அதே வரி "நிறுத்தும் தேதியை முடிவு செய்ய" என்று இருந்தால், முடிவு சொல்லும் அதிகாரம் உள்ளவர்தான் வர வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். நிலுவைப் பட்டியல் எதற்கு என்பதும் புரியும். எத்தனை ஆர்டர் பாக்கி என்று தெரியாமல் பழையதை என்றைக்கு நிறுத்துவது? பட்டியலை யாரும் கொண்டுவராததற்குக் காரணம் சோம்பலாக இருக்காது. உங்கள் செய்தியில் பட்டியல் என்ற சொல்லே இல்லை.

நோக்க வரியைச் சோதிக்க ஒரு வழி: எது நடந்துவிட்டால் மீட்டிங்கைக் கலைத்துவிடலாம் என்பது அந்த வரியைப் படித்ததும் தெரிகிறதா? முடிவு செய்ய, ஒப்புதல் தர, வேலையைப் பிரித்துக்கொள்ள, தேர்ந்தெடுக்க என்று முடியும் வரிகளில் தெரியும். பேச, விவாதிக்க, ஆய்வு செய்ய என்று முடிந்தால் மெயிலை இன்னொரு முறை படியுங்கள், பெரும்பாலும் கடைசிப் பத்திகளில் உண்மையான நோக்கம் ஒளிந்திருக்கும். அங்கும் இல்லையென்றால் மேலாளரிடம் கேட்கும் கேள்வியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் அந்தக் கேள்வியிலேயே மீட்டிங் தேவையில்லை என்று தெரிந்துவிடுவதும் உண்டு.

எதையெல்லாம் விட்டோம் என்றும் பார்த்துவிடலாம். கணக்குத் துறையின் தணிக்கை, பழுதான ப்ரொஜெக்டர், வெளியிலிருந்து வருபவர் எப்போது வந்து சேர்வார் என்பது, சென்ற வாரப் பேச்சு, நன்றி. காரணங்கள் மெயிலில் இருக்கட்டும், கேட்பவருக்குச் சொல்லலாம். குரூப்பில் காரணத்தைப் போட்டால் பேச்சு காரணத்தின் பின்னால் போகும். "ப்ரொஜெக்டர் நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்பார், அதற்கு நாலு பேர் பதில் சொல்வார்கள், மீட்டிங் செய்தி மேலே போய் மறைந்துவிடும்.

வீடியோ விஷயத்தை நான் பாதி விட்டிருக்கிறேன். வெளிக்கிளையினர் கிளம்பி வர வேண்டியதில்லை என்பது அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும், டிக்கெட் எடுத்துவிடுவார்கள். "இணைப்பு பிறகு வரும்" என்பதற்கு இப்போது பயனில்லை. இணைப்பு வந்ததும், தேதியும் நேரமும் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் தனிச் செய்தியாக அனுப்புங்கள்.

"வர முடியாதவர்கள் மட்டும்" என்பதில் "மட்டும்" முக்கியம். அது இல்லாவிட்டால் 40 பேர் குரூப்பில் "ஓகே", "நோட்டட்", கைகூப்பும் படம் என்று வரிசையாக விழும்.

இதைப் போடுவதற்கு முன், மெயிலைப் பார்க்காத ஒருவருக்குத் தனியாக அனுப்பி, "நீ எப்போ, எங்கே போவே? போறதுக்கு முன்னாடி என்ன செய்வே?" என்று மட்டும் கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

போட்ட பிறகு அதைக் குரூப்பின் மேலே பின் செய்யலாம். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு உண்டு. 11ஆம் தேதி காலை 9 மணிக்குப் போட்டு 7 நாள் என்று தேர்ந்தெடுத்தால், 18ஆம் தேதி காலை 9 மணிக்கு அது இறங்கிவிடும். அறை எது என்று எல்லோரும் தேடும் நேரமும் அதுதான். 30 நாள் வைத்துவிட்டு, மீட்டிங் முடிந்ததும் நீங்களே எடுத்துவிடுங்கள்.

விவரத்தில் தவறு நேர்ந்துவிட்டால், அனுப்பி 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த வாட்ஸ்அப் விடும். எழுத்துப்பிழைக்கு அது போதும். தேதி, நேரம், இடம் தவறாக இருந்தால் அந்த வழி வேண்டாம். திருத்தியதற்கு யாருக்கும் புதிதாக நோட்டிஃபிகேஷன் போகாது. முதலில் படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டவர் பழையதையே நம்பிக்கொண்டிருப்பார். தவறான செய்தியை எல்லோருக்கும் அழித்துவிட்டு, "திருத்தம்:" என்று ஆரம்பித்து முழுச் செய்தியையும் மறுபடி போடுங்கள். "மேலே சொன்னதில் நேரம் மட்டும் 11" என்று ஒற்றை வரி போட்டால், மேலே எது என்று தேட வேண்டியிருக்கும்.

நினைவூட்டலைப் புதன் காலையிலேயே போடுங்கள், பட்டியலுக்கான கெடு அன்று மாலை. அதற்காகப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம், அதே செய்தியை அதே சொற்களில் போடுங்கள். சொல் மாறினால் விவரமும் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வரும். முதலில் "பயிற்சி அறை", நினைவூட்டலில் "டிரெய்னிங் ஹால்" என்று இருந்தால் இரண்டும் ஒன்றா என்று கேட்க ஒருவர் நிச்சயம் இருப்பார்.

கேலண்டர் ஒன்று பாக்கி. மேலாளர் முதலில் 16ஆம் தேதிக்கு கேலண்டர் அழைப்பு அனுப்பியிருந்தால், அவர் அதை மாற்றும் வரை எல்லோர் போனிலும் 16ஆம் தேதி காலை மணி அடிக்கும். குரூப்பில் நீங்கள் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அந்த மணியை நிறுத்த முடியாது. அழைப்பை அனுப்பியவர் மாற்றினால்தான் மற்றவர்கள் கேலண்டரிலும் மாறும். மேலாளரிடம் கேள்வி கேட்கும் அதே செய்தியில் "கேலண்டரிலும் 18க்கு மாற்றிவிடுங்கள் சார்" என்று சேர்த்துவிடலாம்.

அலுவலகத்தில் ஓரிருவர் வாட்ஸ்அப் இல்லாமல் எஸ்எம்எஸ் மட்டும் வைத்திருக்கக்கூடும். அவர்களுக்கு இந்தச் செய்தியை அப்படியே அனுப்பினால் பல துண்டாகக் கணக்காகும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம் உண்டு. தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலே பொதுவாக அது 70ஆகக் குறைந்துவிடும். 70ஐத் தாண்டினால் துண்டுக்கு 67தான். புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும் என்பதால் "கூட்டம்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்குக்கு ஏழு. அதற்குள் அடங்குகிற மாதிரி எழுதினால் இப்படி வரும்:

> மென்பொருள் கூட்டம் ஜூன் 18 வியாழன் காலை 10.30, 5ஆம் தளம் பயிற்சி அறை

இடைவெளியெல்லாம் சேர்த்து 68. தேதி, நேரம், இடம் முழுதாக இருக்கின்றன. நோக்கம் தலைப்பளவுக்குத்தான் வந்திருக்கிறது, அதற்குமேல் இடமில்லை. நிறுத்தும் தேதி முடிவாகப்போகிறது என்பதையும், புதன் மாலை 4 மணிக்குள் பட்டியல் வேண்டும் என்பதையும் இன்னொரு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள், அல்லது ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.